ஒரே 130 ரூபாய், இரண்டு பங்குகள்

டிவிடெண்ட் என்றென்றும் ஒரே வேகத்தில் வளரும் என்று வைத்துக்கொண்டு பங்கின் மதிப்பைச் சொல்லும் கார்டன் சூத்திரம் இது:

```
P = D1 / (r - g)
```

D1 அடுத்த வருட டிவிடெண்ட், r நாம் எதிர்பார்க்கும் வருமானம், g வளர்ச்சி.

இரண்டு கற்பனைப் பங்குகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் நாம் எதிர்பார்ப்பது 12%. முதலாவது, வளர்ந்து முடித்த கம்பெனி: டிவிடெண்ட் 10.40 ரூபாய், வளர்ச்சி 4%. இரண்டாவது ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனி: டிவிடெண்ட் 3.90 ரூபாய்தான், வளர்ச்சி 9%. கணக்குப் போட்டால் இரண்டுக்கும் மதிப்பு 130 ரூபாய்.

சரி, வட்டி ஏறி, எதிர்பார்ப்பு 13% ஆகிறது. முதல் பங்கு சுமார் 115.60க்கு இறங்குகிறது, 11% இழப்பு. இரண்டாவது 97.50, கால்வாசி போயிற்று. எதிர்பார்ப்பு 11% ஆனால் முதலாவது 148.60, இரண்டாவது 195! அடுத்த வருட டிவிடெண்டைத் தொடாமல் வளர்ச்சியை ஒரு புள்ளி கூட்டினாலும் இதே 148.60, 195தான் வரும். சூத்திரத்துக்கு இரண்டும் ஒன்றே. அதற்குத் தெரிவது rக்கும் gக்கும் உள்ள இடைவெளி மட்டும்.

முதல் பங்கின் இடைவெளி 8%, இரண்டாவதன் இடைவெளி 3%. அது வேறொன்றுமில்லை, 130 ரூபாய்க்குக் கிடைக்கும் டிவிடெண்ட் ஈல்டுதான். 1ஐ அதால் வகுத்தால் 12.5, 33.3. எந்தப் பக்கம் ஒரு புள்ளி தப்பினாலும் மதிப்பு ஏறக்குறைய அத்தனை சதவீதம் ஆடும். விலை இறங்கும்போது ஆட்டம் கொஞ்சம் குறைவு, ஏறும்போது அதிகம். ஒரு புள்ளிக்குள் துல்லியமாக நிரந்தர வளர்ச்சியைச் சொல்லக்கூடியவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

வளர்ச்சியை மட்டும் ஏற்றிப் பார்ப்பதில் இன்னொரு ஏமாற்று உண்டு. முதல் கம்பெனியின் லாபம் பங்குக்கு 13 ரூபாய், மூலதனத்தின் மேல் 20% சம்பாதிக்கிறது என்போம். லாபத்தில் 20% நிறுத்திவைப்பதால்தான் 4% வளர்ச்சி. 5% வேண்டுமானால் 25% நிறுத்தவேண்டும், டிவிடெண்ட் 9.75 ஆகிவிடும். மதிப்பு 139.30தான், 148.60 இல்லை. எக்ஸெலில் g கட்டத்தை மட்டும் மாற்றுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

அதனால் முதல் பங்குக்கு இந்தச் சூத்திரத்தைத் தைரியமாகப் போடுவேன். இரண்டாவதற்கு மாட்டேன். நிரந்தர வளர்ச்சிக்கு நீண்டகால அரசுப் பத்திர வட்டியை உச்சவரம்பாக வைப்பது வழக்கம். பத்திரம் 7% தரும் காலத்தில் 9% என்றென்றும் ஓடாது. அந்த வேகத்தைச் சில வருடங்களுக்கு மட்டும் தந்து, அப்புறம் இறக்கிவிடும் இரண்டு கட்டக் கணக்குதான் அதற்குச் சரி.

அந்தப் பங்கிலும் சூத்திரத்துக்கு ஒரு வேலை உண்டு, திருப்பிப் போட்டால். சந்தையில் அது 195க்கு விற்கிறது என்றால், 12%இலிருந்து 3.90/195, அதாவது 2%ஐக் கழியுங்கள். இந்த விலை நியாயமாக இருக்க டிவிடெண்ட் வருடாவருடம் 10% வளரவேண்டும், முடிவே இல்லாமல்.