கிளினிக் மருந்து அலமாரிக்கு எது தோது: மாத நோட்டா, எக்செல்லா, பில்லிங் மென்பொருளா?

கோபி, பெருந்துறை, தாராபுரம் பக்கத்துச் சிறு கிளினிக்குகளை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒரு டாக்டர், மருந்து எடுத்துக் கொடுக்க ஒரு அக்கா, ஈரோட்டிலிருந்தோ கோவையிலிருந்தோ சரக்கு அனுப்பும் இரண்டு மூன்று ஏஜென்சிகள். பல இடங்களில் மருந்துக்குத் தனி பில் கிடையாது, பீஸிலேயே அடங்கிவிடும். காலாவதி நெருங்கும் சரக்கைக் கண்டுபிடித்து ஏஜென்சிக்குத் திருப்ப, மூன்று வழிகளில் எது ஒத்துவரும் என்பதைத் தீர்மானிப்பதே இந்தக் கடைசி விஷயம்தான்.

மென்பொருளை முதலில் தள்ளிவைத்துவிடலாம். எந்த பேட்ச் ஸ்ட்ரிப் கையில் போகிறதோ அதே பேட்ச்சில் பில் போட்டால்தான் அதன் ஸ்டாக் கணக்கு நிற்கும். பில்லே போடாத கிளினிக்கில், தீர்ந்துபோன சரக்கெல்லாம் திரையில் இருப்பாகவே நிற்கும். கிட்டத்துக் காலாவதிப் பட்டியலை எடுத்தால் பாதி மருந்து அலமாரியில் இருக்காது. கவுன்டரில் ஒவ்வொரு ஸ்ட்ரிப்புக்கும் பில் போடும் இடம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

மிச்சம் நோட்டும் எக்செல்லும். ஏஜென்சி திருப்பி எடுப்பதற்கு என்ன கேட்கிறது என்று பார்த்தால் இவற்றின் வித்தியாசம் விளங்கும். ஸ்ட்ரிப் முழுசாக இருக்க வேண்டும், பேட்ச் எண் அவர்கள் போட்ட பில்லோடு ஒத்துப்போக வேண்டும், அவர்கள் வைத்திருக்கும் கெடுவுக்குள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரே சிரப்பை இரண்டு இடத்தில் வாங்கியிருந்தால், “அக்கா, இது எங்க பில்லு இல்லீங்க” என்று பெட்டி அப்படியே திரும்பி வரும்.

மாத நோட்டு என்றால் மாதத்துக்கு ஒரு பக்கம். அதில் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. காலாவதி மாதத்தின் பக்கத்தில் எழுதக் கூடாது, திருப்ப வேண்டிய மாதத்தின் பக்கத்தில் எழுத வேண்டும். ஓர் அமாக்ஸிசிலின் ட்ரை சிரப், 20 பாட்டில், காலாவதி 2026 ஜூன் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் என்று மட்டும் அச்சிட்டிருந்தால் ஜூன் 30 வரை செல்லும். மூன்று மாதம் மிச்சமிருக்கும்போதே கொடுத்துவிடச் சொல்லும் ஏஜென்சி என்றால், மார்ச் பக்கத்தில் மருந்து, பேட்ச், எண்ணிக்கை, ஏஜென்சி, பில் எண், பில் தேதி எல்லாம் ஒரே வரியில். மார்ச் பிறந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து, அலமாரியில் இருப்பதை எண்ணுவதுதான் வேலை. 7 பாட்டில் இருந்தால் 7-ஐ எழுதி, ரிட்டன் சீட்டோடு அனுப்பிவிட்டு, கிரெடிட் நோட் வரும்வரை அந்த வரியை அடிக்காமல் விட வேண்டும். கம்பெனி கணக்குத் தீர்த்த பிறகே தருவோம் என்று மாதக்கணக்கில் இழுப்பவர்களும் உண்டு. ஏஜென்சிக்கு ஏஜென்சி கெடு மாறும் என்பதால், நோட்டின் முதல் பக்கத்தில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நோட்டு கைவிடும் இடம் பேட்ச் தேடல். 2025 அக்டோபரில் கோல்ட்ரிஃப் இருமல் சிரப்பின் எஸ்ஆர்-13 பேட்ச்சில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு இருந்தது தெரியவந்தபோது, அதன் காலாவதி 2027 ஏப்ரல். தேதியை மட்டும் பார்க்கிறவருக்கு அது நல்ல சரக்கு. அப்படி ஓர் அறிவிப்பு வந்தால், நோட்டில் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். எக்செல்லில் ஒரே தேடல்தான்.

ஆனால் எக்செல் இரண்டு இடத்தில் ஏமாற்றும். பேட்ச் எண் 24E07 என்று அடித்தால், அதை எண் என்று நினைத்து 2.40E+08 ஆக்கிவிடும். பிறகு எத்தனை தேடினாலும் கிடைக்காது. அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தியை Text என்று மாற்றிவிட வேண்டும். அப்புறம் தேதி. 06/26 என்று அடித்தால், கணினியின் தேதி அமைப்பைப் பொறுத்து 2026 ஜூன் 1 ஆகலாம், நடப்பு ஆண்டின் ஜூன் 26-உம் ஆகலாம். 01-Jun-2026 என்று முழுசாக அடித்து, D பத்தியில் அது இருந்தால், திருப்ப வேண்டிய கடைசி நாளை இப்படி வரவழைக்கலாம்:

```
=EOMONTH(D2,-3)
```

விடையாக மார்ச் 31 வரும். எண்ணாக வந்தால் அந்தப் பத்தியின் வடிவத்தைத் தேதி என்று மாற்றினால் போதும்.

என் கணக்கில், மாதம் பத்து பதினைந்து கொள்முதல் பில் வரும் இடத்துக்கு நோட்டே மேல். கணினியைத் திறக்க மறந்தாலும் மேசைமேல் கிடக்கும் நோட்டு கண்ணில் படும். பேட்ச் தேடலுக்கு, பில்களை ஏஜென்சி வாரியாகக் கோத்து வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். பில் அதைவிடக் கூடினால், அல்லது டாக்டர் வீட்டில் யாராவது தினமும் பதிந்து தருவார்கள் என்றால், எக்செல்லுக்குப் போகலாம்.

எதை வைத்திருந்தாலும், மாத்திரை ஸ்ட்ரிப்பை வெட்டும்போது பேட்ச்சும் தேதியும் அச்சிட்ட முனையைக் கடைசிவரை விட்டுவைக்க வேண்டும். அந்த முனை முதலில் போய்விட்டால், மீதித் துண்டு எந்த மாதத்துச் சரக்கு என்று யாருக்கும் தெரியாது. வெட்டின ஸ்ட்ரிப்பைப் பெரும்பாலும் திருப்பி எடுக்கவும் மாட்டார்கள். அதனால் கிட்டத்துத் தேதி உள்ளதில் ஒரே ஒரு ஸ்ட்ரிப்பை மட்டும் வெட்டி, அது தீர்ந்த பிறகு அடுத்ததைத் தொட வேண்டும்.

கெடு தாண்டியும் எடுத்துக்கொள்ளும் ஏஜென்சிக்காகக் காத்திருக்கும் காலாவதிச் சரக்கை, விற்கும் மருந்தோடு வைக்கக் கூடாது. தனி அட்டைப்பெட்டி, மேலே ‘விற்பனைக்கு அல்ல’ என்ற எழுத்து. யாரும் எடுக்காதது மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போகும், நோட்டில் அந்த வரிக்கு எதிரே தேதியோடு ‘கழிவு’ என்று எழுதிய பிறகு.