அக்கவுண்ட் மாத்தீட்டோம்னு மெயில் வந்தா பணம் போட்ராதீங்க, எனக்கு 4,86,000 போச்சுங்க

திருப்பூர்ல சின்னதா நிட்டிங் யூனிட் வச்சிருக்கனுங்க. பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல ஆறு வருசமா நூல் எடுக்கறோம், பேரு வேண்டாம். போன செவ்வாக்கெழம பழைய பில்லுக்கு 4,86,000 ரூவா ஆர்டிஜிஎஸ் போட வேண்டிய நாளு. காத்தால அவிங்க கிட்ட இருந்து மெயிலு, நாங்க முந்தின வாரம் அனுப்புன மெயிலுக்கே ரிப்ளையாட்டம், "பழைய அக்கவுண்ட் ஆடிட்ல இருக்குதுங்க, புதுசுல போடுங்க, மதியத்துக்குள்ள வந்தா நல்லாருக்கும்"னு, கூடவே திருத்துன இன்வாய்ஸ்.

சந்தேகப்படலயான்னு கேப்பீங்க. பட்டேனுங்க. அக்கவுண்ட்ஸ் பாக்கற புள்ளைய போன் பண்ணி கேளும்மான்னேன், அது அந்த இன்வாய்ஸ்ல இருந்த நம்பருக்கே அடிச்சிருச்சு! எடுத்தவன் பில் நம்பர், நூல் கவுண்ட், பை எத்தனைங்கற வரைக்கும் சரியா சொல்றான், நாங்களும் நம்பி 4,86,000ஐயும் போட்டுட்டோம்.

வெள்ளிக்கெழம மில்லுல இருந்து "ஏனுங்கண்ணா, பணம் இன்னும் வர்லீங்களே"ன்னு போன். அப்பத்தான் மெயில் ஐடிய எழுத்து எழுத்தா பாத்தேன். mills இருக்கற எடத்துல rnills, m-க்கு பதிலா r-உம் n-உம், போன் ஸ்கிரீன்ல வித்தியாசமே தெரியலீங்க. ரெண்டு பக்கத்துல யாரோட மெயிலையோ எவனோ உள்ள பூந்து படிச்சிட்டு இருந்திருக்கான். இன்வாய்ஸ்ல ஜிஎஸ்டி நம்பர் கரெக்ட், ஏன்னா அசல் பில்ல எடுத்து பேங்க் வரியையும் போன் நம்பரையும் மட்டும் மாத்தியிருக்கான். ஐஎஃப்எஸ்சி போட்டு தேடுனா வடக்க ஏதோ ஊரு பிராஞ்ச். பல்லடம் மில்லுக்கு அங்க என்ன அக்கவுண்ட்டு? இத முன்னாடியே தேடியிருந்தா ஒரு நிமிசம் ஆயிருக்காது.

பேங்குக்கு ஓடுனா "நீங்க குடுத்த நம்பருக்குத்தானுங்க போயிருக்குது, பேரு ஒத்துப்போகுதான்னு சிஸ்டம் பாக்காது"ங்கறாங்க. மில்லுல "எங்க மெயில் நல்லாத்தான் இருக்குது, உங்களுதப் பாருங்க, எங்க பாக்கிய அனுப்புங்க"ங்கறாங்க. சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணி கம்ப்ளெயிண்ட் குடுத்தேன், மூணு நாள் லேட்டு, பணம் அந்த அக்கவுண்ட்ல இருந்து கைமாறிப் போயிருச்சாம்.

என்ன பண்ணோணும்னு வெவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், கை நடுங்குது. அக்கவுண்ட் மாறுதுன்னா உங்க பழைய டைரில இருக்கற நம்பருக்கே கூப்புட்டு, பழகுன ஆள்கிட்டயே கேளுங்க, புது பேப்பர்ல இருக்கற நம்பருக்கு அடிக்கவே அடிக்காதீங்க. ஆர்டிஜிஎஸ், நெஃப்ட்ல பணம் போடறதுக்கு முன்னாடி அந்த அக்கவுண்ட் யார் பேருல இருக்குன்னு பாக்கற வசதி 2025 ஏப்ரல்ல இருந்து பேங்க்ல குடுத்திருக்காங்க, அதுல மில் பேரு வராம வேற ஆள் பேரு வந்தா அங்கயே நிறுத்துங்க. மாட்டிக்கிட்டா அன்னைக்கே 1930.

திங்கக்கெழம மில்லுக்காரருக்கு மறுபடியும் 4,86,000 குடுக்கோணும், நகைய வெக்கறதுக்கு வீட்ல பேசீட்டு இருக்கோம்.