‘ரூட் பாதுகாப்பு' என்று பில் போட்டார்கள், எங்கள் முகவரிகள் வேறெங்கோ போயின

கொழும்பில் சொந்த ஐபி முகவரிகள் வைத்து சர்வர் நடத்துபவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள். எங்கள் இணைய புரவைடரின் பில்லில் இரண்டு வருடமாக ‘ரூட் பாதுகாப்பு' என்று ஒரு வரி இருந்தது, மாதம் 18 ஆயிரம் ரூபாய். அதற்கு என்ன கிடைத்தது என்பது தீபாவளிக்கு முந்தின வாரம்தான் தெரிந்தது.

புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் வாடிக்கையாளர்தான் முதலில் அழைத்தார். "தம்பி, பில் அடிக்க ஏலாமல் கிடக்கு, கடை நிறையச் சனம்." அலுவலகத்தில் இருந்து பார்த்தேன், எல்லாம் ஓடுகிறது. என் கைபேசியின் டேட்டாவில் திறந்து பார்த்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டிரேஸ்ரூட் போட்டேன். பாக்கெட் கொழும்பை விட்டு வெளியேறி, நாங்கள் கேள்வியே படாத ஒரு நெட்வொர்க்கில் போய் நின்றது.

எண்களை மாற்றிச் சொல்கிறேன். எங்களுடையது 10.20.0.0/22, மொத்தம் 1024 முகவரிகள். அதை எங்கள் நெட்வொர்க்கின் அடையாளமான ஏ.எஸ். எண் 64500-இல் இருந்து, நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று பாதை சொல்லிக்கொள்ளும் பிஜிபியில் அறிவிக்கிறோம். அன்று ஏ.எஸ். 64510 என்ற யாரோ 10.20.1.0/24 தங்களுடையது என்று அறிவித்துவிட்டார்கள். ரவுட்டருக்கு உரிமையாளர் யார் என்று தெரியாது. இரண்டு ரூட் இருந்தால் குறுகிய பிளாக்கைத்தான் எடுக்கும், /24 இருக்கும்போது /22-ஐத் திரும்பியும் பார்க்காது. பில்லிங் சர்வர் அந்த 256 முகவரிக்குள் இருந்தது. 2008-இல் பாகிஸ்தான் டெலிகாம் யூடியூபை உள்நாட்டில் மட்டும் தடுக்கப் போட்ட ஒரு /24 வெளியே கசிந்து, உலகம் முழுக்க யூடியூப் போனதும் இதே வழியில்தான்.

சப்போர்ட்டுக்கு அழைத்தால், "சேர், எங்களிடம் ஆரிஜின் வேலிடேஷன் ஓடுது, உங்களுக்குப் பிரச்சினை வராது" என்றார்கள். ஏமாற்று இங்கேதான் இருக்கிறது.

இது இரண்டு பாதி உள்ள வேலை. ‘இந்த பிளாக்கை இந்த ஏ.எஸ். மட்டும்தான் அறிவிக்கலாம்' என்று முகவரியின் உரிமையாளர் கையெழுத்திட்டு வைக்கும் பதிவு ஆர்.ஓ.ஏ. மற்ற நெட்வொர்க்குகள் தங்களுக்கு வரும் ரூட்டை அதோடு ஒப்பிட்டு, பொருந்தாததைத் தூக்கி எறிவதுதான் ஆரிஜின் வேலிடேஷன். எங்கள் புரவைடர் செய்தது இரண்டாவது பாதி மட்டும். அது அவர்கள் வழியாக நாங்கள் வெளியே அனுப்பும் டிராஃபிக்குக்கு உதவும். எங்களை நோக்கி வரும் டிராஃபிக்கைக் காக்க வேண்டியது எங்கள் ஆர்.ஓ.ஏ. அதுதான் இல்லை. ஆர்.ஓ.ஏ. இல்லாத ரூட்டுக்கு ‘நாட்ஃபவுண்ட்' என்றுதான் விடை வரும், அதை எல்லாரும் ஏற்றுக்கொள்வார்கள். புரவைடரின் சொந்த ரவுட்டரே அந்தத் திருட்டு ரூட்டை ஏற்றுக்கொண்டிருந்தது!

நாங்களும் 10.20.1.0/24-ஐத் தனியாக அறிவித்தோம். நீளம் சமமானதும் எங்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பி வந்தார்கள், தூரத்தில் இருந்தவர்கள் வரவில்லை. /25 போட்டால் பெரும்பாலான நெட்வொர்க்குகள் வடிகட்டிவிடும் என்பதால் அந்த வழியும் இல்லை. 64510-இன் அப்ஸ்ட்ரீம் அதை வெட்டும்வரை மூன்றரை மணி நேரம் போனது.

மறுநாள் புரவைடரின் ஆள் வந்து, முகவரிகளை ஒதுக்கும் ஏபினிக்கின் மைஏபினிக் தளத்தில் ஆர்.ஓ.ஏ. போட்டுத் தந்தார். அதற்கு முன் யாரும் எங்களிடம் அந்த லாகினைக் கேட்டதே இல்லை, நானும் யோசிக்கவில்லை. ஏபினிக் உறுப்பினருக்கு அது இலவசம் வேறு. போட்டதும் பிழை: /22-க்கு அதிகபட்ச நீளம் 24, அதாவது /24 வரை பிரித்தும் அறிவிக்கலாம் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இந்தச் சோதனை பாதையின் கடைசி ஏ.எஸ். எண்ணை மட்டுமே பார்க்கும். திருடன் தன் பாதையின் முடிவில் 64500 என்று பொய்யாக ஒட்டி /24 அறிவித்தால், அது ‘வேலிட்' ஆகிவிடும், குறுகியதென்பதால் ஜெயித்தும்விடும். நாங்கள் வழக்கமாக அறிவிப்பது /22 மட்டும் என்பதால் 22 என்று மாற்றினேன். இப்போது அந்தப் பொய் /24 ‘இன்வேலிட்'. பொய் /22 இன்னும் தப்பும், ஆனால் அதன் பாதை ஒரு படி நீளம், எல்லாரையும் இழுக்காது. ஒன்றை மறக்காதீர்கள்: இதன் பிறகு அவசரத்துக்கு /24 அறிவிக்க வேண்டுமென்றால் அதற்கு முதலில் ஆர்.ஓ.ஏ. போட வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் சொந்த ரூட்டே இன்வேலிட்.

உங்கள் பிளாக்கை இப்படிப் பாருங்கள், எண்களை மட்டும் மாற்றினால் போதும்:

```
curl "https://stat.ripe.net/data/rpki-validation/data.json?resource=64500&prefix=10.20.0.0/22"
```

`valid` வர வேண்டும். `unknown` வந்தால் ஆர்.ஓ.ஏ. இல்லை என்று அர்த்தம், பில்லில் என்ன எழுதியிருந்தாலும் சரி. அப்புறம் உங்கள் பிளாக்குக்குள்ளேயே நீங்கள் அறிவிக்காத ஒரு /24-ஐயும் போட்டுப் பாருங்கள், `invalid_length` வந்தால் நல்லது. இரண்டாவது பாதியைச் சோதிக்க, புரவைடரின் இணைப்பில் இருந்து isbgpsafeyet.com திறந்து ‘Test your ISP' அழுத்தினால் போதும்.

பழைய பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, சேவை வழங்கப்பட்டது என்று ஒரு வரி மின்னஞ்சல் வந்தது. இந்த மாத பில்லிலும் அந்த 18 ஆயிரம் இருக்கிறது. அதைக் கழித்துவிட்டுத்தான் கட்டினேன்.