மெயில் திரும்பி வருவது நின்றுவிட்டால் சந்தோஷப்படாதீர்கள்

2006-ல் திறந்த மின்னஞ்சல் கணக்கு என்னுடையது. சில வருடங்களாக அதற்குள் நுழையவே இல்லை. வரும் மெயிலெல்லாம் தானாகப் புது முகவரிக்குப் போகும்படி செய்திருந்தேன். மெயில் வருகிறதே, கணக்கு உயிரோடுதானே இருக்கிறது என்று நினைப்பு. மின்னஞ்சல் நிறுவனம் அப்படிப் பார்ப்பதில்லை: நாமே கடவுச்சொல் போட்டு நுழைந்தால்தான் பயன்பாடு. 12 மாதம் நுழையாவிட்டால் அழிப்போம் என்ற எச்சரிக்கையையும் என் கண்ணில் படாமல் எங்கோ ஸ்பேமில் போட்டுவிட்டது.

ஜனவரியில் ஈப்போவிலிருந்து அக்கா அனுப்பிய மெயில் `550 5.1.1` என்று திரும்பிப் போனது. அப்படி ஒரு பயனரே இல்லை என்று அர்த்தம். ஜூனில் மறுபடி அனுப்பினார், திரும்பவில்லை. "சரியாகிவிட்டது போல, தம்பி" என்றார். நானும் நம்பினேன். உண்மையில் அந்த முகவரியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அக்காவுக்கு ஒரு அந்நியரிடமிருந்து "நீங்கள் யார்?" என்று பதில் வந்தபோதுதான் தெரிந்தது.

அந்த ஜனவரியிலேயே அதே முகவரியை நானே புதிதாகப் பதிந்து பார்த்திருக்க வேண்டும். பழைய மெயில் வராது, பெட்டி காலிதான். ஆனால் பதிய முடிந்திருந்தால் முகவரியாவது என் கையில் இருந்திருக்கும். எல்லா நிறுவனமும் இப்படி இல்லை. ஜிமெயிலில் 2 ஆண்டு பயன்படுத்தாத கணக்கை அழிக்கலாம், ஆனால் அந்த முகவரியை இன்னொருவருக்குத் தருவதில்லை.

ஆன்லைன் கடை, படச் சேமிப்பு என்று எத்தனையோ கணக்குகளை அந்த முகவரியில்தான் திறந்திருந்தேன். இங்கேதான் பெரிய தப்பு செய்யப் பார்த்தேன். ஒன்றின் கடவுச்சொல் நினைவில்லை, 'மறந்துவிட்டேன்' பொத்தானை அழுத்தப் போனேன். அழுத்தியிருந்தால் மாற்றும் இணைப்பு நேராக அந்த அந்நியருக்குப் போயிருக்கும். நல்லவேளை, பழைய கைப்பேசியில் அந்தக் கணக்கு திறந்தே இருந்தது. வெளியேறாமல், முதலில் முகவரியை மாற்றினேன், அப்புறம் கடவுச்சொல்லை.

போன மெயில்கள்? பினாங்கில் ஒரு கடையில் "சர்வரிலிருந்து எடுத்துத் தருகிறோம்" என்று 150 வெள்ளி வாங்கினார்கள். ஒரு வாரம் கழித்து "முடியவில்லை". பணமும் திரும்பவில்லை. நிறுவனம் அழித்ததை வெளியாள் எடுக்கவே முடியாது, அதைக் கேட்டவுடனே எழுந்து வந்திருக்க வேண்டும்.

கிடைத்தது பட்டர்வொர்த் வீட்டு அலமாரியில் இருந்த பழைய மடிக்கணினியில். அதில் தண்டர்பேர்ட் என்ற மெயில் நிரலை வைத்திருந்தேன், பாப் முறையில். மெயிலை இறக்கி வட்டிலேயே வைக்கும் முறை அது. வைஃபையை அணைத்துவிட்டு, நிரலைத் திறக்காமலே `Profiles` கோப்புறை முழுவதையும் பென் டிரைவில் நகலெடுத்தேன். உள்ளே `Mail` கோப்புறையில் `Inbox` என்ற கோப்பு, 2015 வரை உள்ள எல்லாம் இருந்தன. மெயிலைச் சர்வரிலேயே வைக்கும் ஐமேப் முறை என்றால் கோப்புறையின் பெயர் `ImapMail`. அது மட்டும் இருந்தாலும் நகலெடுத்துப் பாருங்கள். சில சமயம் தலைப்புகள் மட்டும்தான் இருக்கும். 2015-க்குப் பிந்தையதில் அக்காவுக்கு நான் எழுதியவை அவருடைய பெட்டியில் இருந்தன. புது முகவரிக்கு வந்து சேர்ந்தவை போக, மற்றவை போனது போனதுதான்.