தடவிச் சாப்பிடுவதா, விழுங்குவதா: தாவர ஸ்டெரோலும் எனது எல்டிஎல்லும்

கெட்ட கொலஸ்ட்ரோலான எல்டிஎல் 162 என்று ரிப்போர்ட் வந்தபோது, குளிசைக்கு முன் மூன்று மாதம் சாப்பாட்டில் முயன்று பார்க்க டொக்டர் இடம் தந்தார். அப்போதுதான் தாவர ஸ்டெரோல் வீட்டுக்குள் வந்தது. லண்டனிலிருந்து தங்கச்சி கொண்டுவந்தது ஸ்டெரோல் சேர்த்த மாஜரின், கொழும்பில் மருமகன் வாங்கித் தந்தது கேப்சூல். இரண்டையும் பாவித்துவிட்டேன். இப்போது நான் கேப்சூல் கட்சி.

இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான். ஸ்டெரோல் உருவத்தில் கொலஸ்ட்ரோலைப் போலவே இருப்பதால், குடலில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு உடம்புக்குள் உறிஞ்சப்படாமல் தடுக்கும். சாதாரணச் சாப்பாட்டில் எள், கச்சான், பருப்பு எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 0.2 முதல் 0.4 கிராம்தான் கிடைக்கும். எல்டிஎல் குறைய ஏறத்தாழ 2 கிராம் தேவை. அந்த அளவு ஒழுங்காகப் போனால் இரண்டு மூன்று வாரத்திலேயே 7 முதல் 10 சதவீதம் குறையும். 3 கிராமுக்கு மேல் போட்டாலும் பெரிதாகக் கூடுதல் பலன் இல்லை.

மாஜரினின் ருசியில் குறை சொல்ல முடியாது. என் சிக்கல் அளவில். டப்பாவில் 100 கிராமுக்கு 7.5 கிராம் ஸ்டெரோல் என்றிருந்தது. அப்படியானால் 2 கிராமுக்கு நாளொன்றுக்கு 27 கிராம் மாஜரின் உள்ளே போக வேண்டும். ஒரு துண்டுப் பாணில் நான் தடவுவது ஐந்து கிராம் வரும். ஐந்தாறு துண்டு பாண் தினமும் யார் சாப்பிடுவது? கல்லடியில் எங்கள் வீட்டில் காலையில் பிட்டு அல்லது இடியப்பம், மத்தியானம் சோறு. பிட்டில் பிசைந்தும் பார்த்தேன், மனிசி முகத்தைச் சுளித்தா. டப்பா முடிந்ததும் அடுத்ததற்கு யாராவது பறந்து வர வேண்டும். தயிர்ப் பான வகையும் உண்டு, சிறு போத்தலிலேயே 2 கிராம் வரும் என்கிறார்கள். நான் குடித்ததில்லை, அதனால் அதற்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

கேப்சூலிலும் ஒரு குழி இருக்கிறது, நான் நேராக அதற்குள்தான் விழுந்தேன். போத்தலில் '1000 மி.கி.' என்று போட்டிருந்தது. தினமும் இரண்டு போட்டால் 2 கிராம் என்று கணக்குப் பார்த்து, காலையில் பிளேன்டீயோடு விழுங்கினேன். மூன்று மாதம் கழித்து எல்டிஎல் 160.

பிறகுதான் லேபிளை முழுதாக வாசித்தேன். அந்த 1000 மி.கி. ஸ்டெரோல் எஸ்டரின் எடை. எஸ்டர் என்பது கொழுப்பமிலத்தோடு இணைத்த ஸ்டெரோல். எண்ணெயில் கரைவதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதில் உண்மையான ஸ்டெரோல் 60 சதவீதம் அளவே, அதாவது 600 மி.கி. நான் எடுத்தது 1.2 கிராம்தான். அதுவும் வெறும் வயிற்றில். சாப்பாட்டுக் கொழுப்போடு போனால்தான் ஸ்டெரோலுக்கு குடலில் வேலை இருக்கும். பித்தநீர் சுரந்து கொழுப்பைக் கரைக்கும் இடத்தில்தான் அது கொலஸ்ட்ரோலோடு மல்லுக்கட்டுகிறது. பிளேன்டீக்கு அப்படி ஒன்றும் நடக்காது. 1950களில் கரையாத தூளாகக் கொடுத்தபோது பல கிராம் தேவைப்பட்டதாம். 1995இல் பின்லாந்தில் எஸ்டர் வடிவ மாஜரின் வந்த பிறகுதான் சின்ன அளவிலேயே வேலை நடந்தது.

டொக்டரிடம் சொல்லி இன்னும் மூன்று மாதம் கேட்டேன். மத்தியானச் சோற்றோடு இரண்டு, இரவுச் சாப்பாட்டோடு இரண்டு, மொத்தம் 2.4 கிராம். அடுத்த ரிப்போர்ட் 147. சந்தோஷப்பட்டேன், ஆனால் நம்பவில்லை. ஒன்றும் மாற்றாமலே ஒரே ஆளின் எல்டிஎல் இரண்டு பரிசோதனைக்கிடையில் ஐந்து முதல் பத்து சதவீதம் ஆடலாம். ஆறு வாரம் கழித்து மறுபடி எடுத்தேன்: 150. இரண்டையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் 8 சதவீதம் போலக் குறைந்திருக்கிறது. கேப்சூல் ஆய்வுகளின் முடிவுகளும் உணவில் கலந்து கொடுத்தவற்றுக்குக் கிட்டத்தான் நிற்கின்றன. என் ஒரு உடம்பை வைத்து அதற்கு மேல் சொல்ல முடியாது.

குளிசையோடு ஒப்பிட வேண்டாம். அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. தனியாகவே 35 சதவீதத்துக்கு மேல் குறைக்கும். ஸ்டெரோல் மாரடைப்பைத் தடுக்கிறது என்று நேரடியாகக் காட்டிய பெரிய பரிசோதனையும் இல்லை. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், சர்க்கரை உள்ளவர் இதை நம்பிக் குளிசையை நிறுத்தக் கூடாது. குளிசையோடு சேர்த்தால் அதன் மேல் ஒரு பத்து சதவீதம் கூடுதலாக இறங்கலாம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுவோருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இது வேண்டாம். சிட்டோஸ்டெரோலீமியா என்ற அரிய பரம்பரை நோய் உள்ளவர்கள் தொடவே கூடாது, அவர்கள் உடம்பு ஸ்டெரோலை வெளியே தள்ளாமல் சேர்த்து வைக்கும். ஸ்டெரோல் எடுக்கும்போது இரத்தத்தில் கரோட்டீனும் கொஞ்சம் குறைவதால் எங்கள் வீட்டில் பூசணியும் முருங்கையிலையும் அடிக்கடி வருகின்றன.

மாஜரின் டப்பா இன்னும் குளிர்சாதனப் பெட்டியில் கால்வாசி இருக்கிறது. பேரப்பிள்ளைகள் எடுத்துவிடாமல் மனிசி அதை மேல் தட்டில் ஒளித்து வைத்திருக்கிறா.