வீடியோக்களை நெட்வொர்க் டிரைவிலிருந்தே படித்து என்கோட் செய்வதா, லோக்கலுக்கு நகலெடுத்துவிட்டா?

1 மணி நேரம் ஓடும் 20 ஜிபி வீடியோ ஒன்று. கிகாபிட் இணைப்பில் நகலெடுக்க ஏறக்குறைய 3 நிமிடம் ஆகும். அதை x265-இல் ஒரே பாஸில், ஓடும் நேரத்துக்குச் சமமான வேகத்தில் என்கோட் செய்தால் நொடிக்கு 6 எம்பிகூடப் படிக்க வேண்டியதில்லை. இங்கே நேரடியாகப் படிப்பதே சரி. நகலெடுத்தால் அந்த 3 நிமிடம்தான் வீண்.

ஆனால் நூற்றுக்கணக்கான இடங்களுக்குத் தாவி பிரேம் எடுப்பதென்றால் கதை வேறு. ஒவ்வொரு தாவலும் நெட்வொர்க்கின் பதிலுக்குக் காத்திருக்கும். அப்போது லோக்கல் எஸ்எஸ்டி தெளிவாக முந்தும். எது உங்கள் நிலை என்று சிபியு காட்டிவிடும்: வேலை ஓடும்போதே அது சும்மா கிடந்தால் பெரும்பாலும் டிரைவுக்காகத்தான் காத்திருக்கிறது.

நகலெடுப்பதானால் எல்லாக் கோப்புகளையும் முதலிலேயே இழுக்காதீர்கள், டிஸ்க் நிரம்பிவிடும். ஒரு கோப்பு ஓடும்போது அடுத்தது வரட்டும், முடிந்த நகலை அழித்துவிடுங்கள். இதில் ஒரு வம்பு உண்டு: பாதி வந்த எம்பி4-ஐத் திறந்தால் `moov atom not found` என்று ffmpeg நின்றுவிடலாம். `rsync` தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்த பிறகே உண்மைப் பெயரை வைப்பதால், சாதாரண `cp`-ஐ விட எனக்கு அதுதான் பிடிக்கும்.