முப்பது வருஷ சைக்கிளும் வலது பக்கத்துக் கோட்டர் பின்னும்

தெருவில் ஒருவர் பழைய 22 இஞ்ச் பார் சைக்கிள் ஒன்றை விற்கிறாராம், வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். என்னிடம் அதே ரகம் 1994-லிருந்து இருக்கிறது. இப்போது அதை ஓட்டுவது என் அக்கா மகன், எட்டாம் வகுப்பு. போன பொங்கலுக்கு எங்கள் ஊர்ப் பந்தயத்தில் அதை ஓட்டினான். அதற்கு முந்தின ஒரு மாதம் இந்த வண்டியைப் பற்றி எனக்குக் கற்றுக்கொடுத்தது, அதற்கு முந்தின முப்பது வருஷத்தை விட அதிகம்.

வண்டியின் குணம் எல்லோருக்கும் தெரியும். கனம், உறுதி, சிமெண்ட் மூட்டையைக் கேரியரில் வைத்தாலும் முனகாது. ஃபிரேமில் இன்றுவரை ஒரு வெல்டிங் கிடையாது. குறை ஒன்றே ஒன்றுதான். இடது காலால் மிதிக்கும்போதெல்லாம் 'டக்'. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை. முன்னால் செயின்வீலில் 48 பல், பின்சக்கரத்து ஃப்ரீவீலில் 18 பல், ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய 6 மீட்டர் நகரும். பந்தய தூரம் 15 கிலோமீட்டர், அதாவது 2,500 தடவை டக். சத்தம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு டக்கிலும் மிதி ஒரு நூல் அளவு நழுவிப் பிடிக்கிறது. அந்த உதறல் காலுக்குத் தெரியும், முழங்காலுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

இத்தனை வருஷத்தில் எத்தனை கடை ஏறினேன் என்று கணக்கில்லை. எல்லாரும் செய்தது ஒன்றேதான். இடது காலுக்குத்தானே சத்தம், ஆகவே மிதியின் கிராங்கை நடு ஆக்சிலோடு பிடித்துவைக்கும் ஆணியை, இடது பக்கத்துக் கோட்டர் பின்னை, மாற்று, இல்லாவிட்டால் நட்டை முறுக்கு. இரண்டு நாள் அமைதி, மூன்றாம் நாள் டக். பையன் களத்தில் இறங்கியபோதும் அதே கதைதான். ஆக்சிலைச் சுற்றி உள்ளே இருக்கும் குண்டு தேய்ந்திருக்கும் என்று கடையில் சொன்னதை நம்பி, உண்டியல் காசைப் போட்டுக் கப், ஆக்சில், பக்கத்துக்குப் பதினொன்றாகக் கால் இஞ்ச் குண்டு எல்லாம் புதிதாக வாங்கினான். ஒரு ஞாயிறு முழுக்கக் கிரீஸும் கையுமாக உட்கார்ந்து மாட்டினான். மிதி தண்ணீராகச் சுற்றியது. ஏறி மிதித்தான், டக். அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை.

மார்க்கெட் பக்கம் மரத்தடியில் கடை போட்டிருக்கும் பெரியவரிடம் கூட்டிப்போனேன். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. இரண்டு மிதியையும் தரைக்குச் சமமாக வைத்து, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி நிற்கச் சொன்னார். பிறகு மிதியை அரைச்சுற்று சுற்றி மறுபடி நிற்கச் சொன்னார். இரண்டாவது தடவை ஏறியதும் கிராங்க் லேசாக இறங்கியது, கண்ணால் பார்த்தோம். "குண்டு ஆட்டம்னா ரெண்டு கிராங்கும் சேர்ந்து பக்கவாட்டுல ஆடும். ஒண்ணு நிக்க ஒண்ணு எறங்குனா பின்னுதான்" என்றார். எந்தப் பக்கத்துப் பின் என்பதற்கும் வழி சொன்னார். ஆக்சில் நுனியிலிருந்து கிராங்க் வரைக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போடு, மறுபடி ஏறி நில், எந்தப் பக்கத்துக் கோடு உடைகிறது பார்.

உடைந்தது வலது பக்கத்துக் கோடு.

எனக்குப் புரியவில்லை. பையனுக்குத்தான் முதலில் பிடிபட்டது. "மாமா, செயின்வீல் வலது கிராங்கோடயே ஒட்டியிருக்கு. வலது காலால மிதிச்சா பலம் நேரா செயினுக்குப் போயிரும், பின்னுக்கு வேலையே இல்ல. இடது காலால மிதிச்சாத்தான் இடது பின், ஆக்சில், வலது பின்னுன்னு எல்லாத்தையும் தாண்டிப் போகணும்." ஆக, எந்தப் பின் தேய்ந்தாலும் சத்தம் இடது காலுக்குத்தான் கேட்கும். பெரியவர் அவன் தலையைத் தொட்டுவிட்டுச் சிரித்தார். முப்பது வருஷமாக நல்ல பின்னைக் கழற்றிப் போட்டிருக்கிறோம்.

வலது பின்னைக் கழற்றிப் பார்த்தால், சாய்வாகச் சீவிய அதன் முகத்தில் நகம் இடறும் அளவுக்கு ஒரு படி விழுந்திருந்தது. புதுப் பின்னை அப்படியே அடித்தபோது பாதி தூரம்தான் போனது. ஒரு மிதி மூன்று மணியில் நின்றால் மற்றது ஒன்பதேகாலில் நின்றது. கழற்றி அரத்தால் தேய்க்க வேண்டும், அதுவும் சாய்வு மாறாமல், மட்டமாக. விளக்குத் திரியில் பிடித்த கரியைப் பின் முகத்தில் தடவி உள்ளே தட்டி, எடுத்துப் பார்த்தான். கரி அழிந்த இடம் மட்டும் ஆக்சிலில் பட்ட இடம். முதலில் ஒரு ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தது. அந்த ஓரத்தை இரண்டு இழுப்பு. மறுபடி கரி, மறுபடி தட்டு. ஏழாவது தடவை முகம் முழுக்கப் பளபளத்தது.

அடிக்கும்போது கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாய் ஒன்றை முட்டுக் கொடுத்தோம். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடி புதுக் குண்டுக்கும் கப்புக்கும்தான் போகும். பின்னை உள்ளே செலுத்த வேண்டியது சுத்தியல், அதைப் பிடித்துவைக்க மட்டுமே நட்டு. நட்டை முறுக்கியே பின்னை இழுக்கப் பார்த்தால் மரைதான் போகும். எனக்கு இத்தனை காலம் நடந்தது அதுதான். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, இன்னொரு அடி கொடுத்து நட்டைப் பிடித்தான். அரைச்சுற்று ஏறியது. அதற்கப்புறம் சத்தம் போயிற்று.

பந்தயத்தில் கியர் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, அதனால்தான் இந்த வண்டியோடு போக முடிந்தது. கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர் மூன்றையும் கழற்றினான். கிழக்கே ஏழரை கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும், தை மாத வாடைக்காற்று போகும்போது முகத்தில். கரிசல் காடு, மறைப்புக்கு ஒரு மரம் கிடையாது. நான் கடைசிப் பாலத்தில் நின்றேன். முன்னால் வந்த எட்டுப் பேரும் போன பிறகு அவன் எழுந்து நின்று மிதித்துக்கொண்டு வந்தான். கண்ணை மூடிக் கேட்டேன். டயர் ரோட்டில் உரசும் சத்தமும் அவன் மூச்சும் மட்டும் கேட்டன. ஒன்பதாவது இடம், பரிசு கிடையாது. இறங்கியதும் அவன் கேட்டது, "சத்தம் வந்துச்சா மாமா?"

இனி நண்பருக்கு. வாங்காதீர்கள். இத்தனை உறுதியான வண்டியை ஒரு சின்ன ஆணியை நம்பி விட்டிருக்கிறார்களே என்று இன்றும் ஆத்திரம் வருகிறது. இப்போது கடையில் கிடைக்கும் பின்களில் பாதி, அரம் பட்டாலே வெண்ணெயாகப் போகும் மெத்தென்ற இரும்பு. நல்லதாக ஒன்று கிடைக்க நாலு கடை ஏறினோம். மரத்தடிப் பெரியவர் மாதிரி ஒருவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

எங்கள் வண்டியைத் தருவீர்களா என்றும் கேட்டிருந்தீர்கள். தரமாட்டேன். பையன் இப்போது ஃப்ரீவீலில் 16 பல் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். எதிர்காற்றில் மிதிக்க முடியுமா என்று யோசிக்க வேண்டும், அடுத்த பொங்கலுக்கு நாள் இருக்கிறது.